ஹெல்வெட்டிகாவுக்கு பதிலா ஃப்ரீயா எதை எடுக்கலாம்? ஹீரோஸ், அரிமோ, இன்டர் மூணையும் வச்சு ஒரு கணக்கு

"பிராண்ட் கைடுல ஹெல்வெட்டிகானு போட்டிருக்கான், லைசன்ஸ் விலைய பாத்தா தலை சுத்துது, அதே மாதிரி ஃப்ரீ ஃபான்ட் ஒண்ணு சொல்லுங்கண்ணா" — மாசத்துக்கு ரெண்டு பேராவது இதக் கேக்கறாங்க. ஒத்த வரில பதில் சொன்னா தப்பாத்தான் போகும். ஏன்னா "அதே மாதிரி"ங்கற வார்த்தைக்குள்ள ரெண்டு வேற வேற விஷயம் ஒளிஞ்சிருக்கு. ஒண்ணு, எழுத்தோட அகலம் அதே மாதிரி இருக்கணும், அதாவது ஃபான்ட்ட மாத்தினாலும் லைன் எதுவும் உடையக்கூடாது. இன்னொண்ணு, பாக்கறவன் கண்ணுக்கு அதே மாதிரி தெரியணும். இந்த ரெண்டும் பல நேரம் ஒரே ஃபான்ட்ல கிடைக்காது, அதனால உங்களுக்கு எது வேணும்னு முதல்ல முடிவு பண்ணிட்டுதான் டவுன்லோட் பக்கமே போகணும்.

முதல்ல எதையெல்லாம் வச்சு பாக்கணும்

*அகலம்.* ஹெல்வெட்டிகாவுல எம் சதுரத்த 1000 யூனிட்டா பிரிச்சு ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு அகலம் குடுத்திருப்பாங்க. M, m ரெண்டும் 833, n, u ரெண்டும் 556, i வெறும் 222. Minimum-ங்கற வார்த்தைய கூட்டிப் பாருங்க, 4055 வரும். 10 பாயின்ட்ல டைப் பண்ணா 40.55 பாயின்ட் நீளம். மாத்து ஃபான்ட்லயும் இதே நம்பர் வந்தா பக்கம் அசையாது. வார்த்தைக்கு ஒரு பாயின்ட் கூடினாக்கூட பத்து வார்த்தை உள்ள லைன்ல கடைசி வார்த்தை கீழ இறங்கிடும், அங்கேர்ந்து பத்தி முழுக்க சரியும்.

*காட்டிக் குடுக்கற எழுத்துக்கள்.* எல்லா எழுத்தையும் ஒப்பிட்டு பாக்க வேண்டாம், R, G, a, t, C இந்த அஞ்சு போதும். ஹெல்வெட்டிகா R-ஓட கால் வளைஞ்சு நேரா கீழ இறங்கும். G-க்கு கீழ வலது பக்கம் சின்னதா ஒரு முள்ளு நீட்டிருக்கும். a-க்கு குட்டி வால் இருக்கும், t-ஓட தலைய நேரா வெட்டிருப்பாங்க, C-ஓட ரெண்டு நுனியும் கிடைமட்டமா முடியும். ஏரியல்ல இதெல்லாமே மாறும்: R-ஓட கால் சரிஞ்சு நீட்டிட்டுப் போகும், G-க்கு முள்ளு கிடையாது, t-ஓட தலை சாய்வு வெட்டு.

*வெயிட்.* உங்க டிசைன்ல லைட், மீடியம் வருதா, இல்ல ரெகுலரும் போல்டும் போதுமா.

*எங்க போகப்போகுது.* பிரின்ட்டா, வெப்சைட்டா, ஆப்புக்குள்ளயா. லைசன்ஸ் இங்கதான் கழுத்தப் புடிக்கும்.

*தமிழ் கூட வருதா.* இந்த ஃபான்ட் எதுலயும் தமிழ் கிடையாது. அந்தக் கணக்க கடைசில பாப்போம்.

இத்தனை இரட்டைப் பிள்ளைங்க ஏன் இருக்கு

1957-ல சுவிட்சர்லாந்துல ஹாஸ் கம்பெனிக்காக மாக்ஸ் மீடிங்கர் வரைஞ்சது, அப்ப பேரு நோயே ஹாஸ் குரோடெஸ்க், 1960-ல தான் ஹெல்வெட்டிகானு ஆச்சு. ஆனா நம்ம பிரச்சினை தொடங்கறது 1985-ல. அந்த வருஷம் வந்த ஆப்பிள் லேசர்ரைட்டர் பிரின்டருக்குள்ளயே இந்த ஃபான்ட்ட வச்சுக் குடுத்தாங்க, அப்புறம் பிடிஎஃப் வந்தப்ப அதுலயும் எம்பெட் பண்ணாமலே பேர மட்டும் சொல்லிக் கூப்பிடலாம்னு இருந்த 14 அடிப்படை ஃபான்ட்ல ஹெல்வெட்டிகா இருந்துச்சு. அப்ப லைசன்ஸ் வாங்காத சாஃப்ட்வேர்காரன் என்ன பண்ணுவான்? அதே அகலத்துல வேற பேர்ல ஒரு ஃபான்ட் வச்சுக்கணும். ஜெர்மனில யூஆர்டபிள்யூ கம்பெனியோட நிம்பஸ் சான்ஸ் அப்படித்தான் கோஸ்ட்ஸ்கிரிப்ட்ங்கற சாஃப்ட்வேர் கூட இலவசமா வந்து சேந்துச்சு. விண்டோஸ்ல நாம தினமும் பாக்கற ஏரியலும் அகலத்துல ஹெல்வெட்டிகாவ அப்படியே ஒத்ததுதான்.

லினக்ஸ் மெஷின்ல இத நேர்லயே பாக்கலாம்:

```
$ fc-match Helvetica
NimbusSans-Regular.otf: "Nimbus Sans" "Regular"
```

நீங்க ஹெல்வெட்டிகா கேட்டீங்க, அது சத்தமில்லாம நிம்பஸ எடுத்துக் குடுத்துடுச்சு. (உங்க மெஷின்ல என்னென்ன ஃபான்ட் ஏத்திருக்கோ அதப் பொறுத்து இந்த பதில் மாறும்.)

பேரு மட்டும் ஏன் வேறனு சிலர் கேப்பாங்க. அமெரிக்க சட்டத்துல எழுத்தோட வடிவத்துக்கு காப்பிரைட் கிடையாது, ஆனா ஃபான்ட் ஃபைல் ஒரு சாஃப்ட்வேர், அதுக்கு உண்டு, பேருக்கு டிரேட்மார்க்கும் உண்டு. அதனால புதுசா வரைஞ்சு வேற பேர் வச்சா ஒத்துக்குவாங்க, ஃபைல காப்பி பண்ணி பேர மாத்தினா திருட்டு. "ஃப்ரீ டவுன்லோட்"னு அதே பேர்ல `.ttf` குடுக்கற சைட்டெல்லாம் இந்த ரெண்டாவது ரகம், அந்தப் பக்கமே போகாதீங்க.

ஆப்ஷன் 1: டெக்ஸ் கைர் ஹீரோஸ் (கூடவே நிம்பஸ் சான்ஸ்)

*அகலம்:* அச்சு அசல். ஹீரோஸே நிம்பஸ அடிப்படையா வச்சு போலந்துக்காரங்க விரிவாக்கினதுதான், அதனால ரெண்டையும் ஒண்ணாவே பேசறேன்.

*தோற்றம்:* R-ஓட கால், G-ஓட முள்ளு, a-வோட வால் எல்லாம் அப்படியே இருக்கும். பக்கத்துல பக்கத்துல பிரின்ட் போட்டு வச்சாலும் வாடிக்கையாளர் கண்டுபிடிக்க மாட்டார்.

இது எனக்கு கை குடுத்த கதை ஒண்ணு. திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனி கேட்லாக், 48 பக்கம், பழைய டிசைனர் மேக்ல ஹெல்வெட்டிகாவுல போட்டுட்டு வெளியூர் போயிட்டார், சைஸ் டேபிள்ல நாலு நம்பர மட்டும் மாத்தணும்னு என் விண்டோஸ் மெஷினுக்கு வந்துச்சு. திறந்த உடனே ஃபான்ட் இல்லனு பிங்க் கலர் கோடு எல்லா பக்கத்துலயும். முதல்ல இன்டர் போட்டுப் பாத்தேன், சைஸ் டேபிள்ல இருந்த பாதி செல் ரெண்டு லைனா உடைஞ்சு கடைசி நெடுவரிசை பக்கத்த விட்டே வெளிய போயிடுச்சு. ஹீரோஸ் போட்டதும் டேபிள் எல்லாம் அடங்கி உக்காந்துச்சு, ஆனா மூணு எடத்துல மட்டும் பத்தில ஒரு வார்த்தை கீழ இறங்கிருந்துச்சு. எழுத்தோட அகலம் ஒண்ணா இருந்தாலும் AV, To மாதிரி ஜோடிகள நெருக்கற கெர்னிங் பட்டியல் ரெண்டு ஃபான்ட்லயும் ஒரே மாதிரி இல்ல, அதான் காரணம். அந்த மூணு பத்திக்கும் டிராக்கிங்க ஒரு பிட்டு குறைச்சேன், சரியாயிடுச்சு.

*மறைஞ்சிருக்கற செலவு:* முதல்ல வெயிட். ரெகுலர், போல்ட், ரெண்டுக்கும் சாய்வு, அப்புறம் இதே நாலு குறுக்கின அகலத்துல, அவ்வளவுதான். லைட்டும் மீடியமும் கிடையாது. "ஹெல்வெட்டிகா லைட்ல தலைப்பு"னு கைடுல இருந்தா இந்த ஆப்ஷன் அங்கயே முடிஞ்சது. ரெண்டாவது, லைன் உயரம். ஃபைலுக்குள்ள மேல கீழ எவ்வளவு இடம்னு எழுதிருக்கற அளவு வேற, அதனால வேர்டுல சிங்கிள் ஸ்பேசிங்னு விட்டீங்கன்னா அகலம் சரியா இருந்தும் பக்கம் நீண்டுடும். லைன் ஸ்பேசிங்ல `Exactly` போட்டு 12 பாயின்ட், 14 பாயின்ட்னு கையால குடுத்துடுங்க. மூணாவது, சாதாரண ரெசல்யூஷன் விண்டோஸ் மானிட்டர்ல 12, 13 பிக்சல்ல கொஞ்சம் மெலிஞ்சு தெரியும், பிரின்ட்ல அந்தப் பிரச்சினை இல்ல.

லைசன்ஸ்ல ரெண்டுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கு. நிம்பஸோட புது வெளியீடு ஏஜிபிஎல் கீழ வருது, டாகுமென்டுக்குள்ள எம்பெட் பண்ணிக்கலாம்னு தனியா விதிவிலக்கு குடுத்திருக்காங்க. பிடிஎஃப், பிரின்ட்டுக்கு பிரச்சினையே இல்ல. ஆனா ஃபான்ட் ஃபைலையே ஆப்புக்குள்ள அடைச்சு விக்கப்போறீங்கன்னா கம்பெனி வக்கீல் ஏஜிபிஎல்னு பாத்தவுடனே முகத்த சுளிப்பார். ஹீரோஸுக்கு ஜியுஎஸ்டி ஃபான்ட் லைசன்ஸ், ரொம்ப தளர்வானது, யூஸ் பண்ணலாம், மாத்தலாம், மாத்தினா பேரையும் மாத்துங்கனு ஒரு வேண்டுகோள். அதனாலதான் எனக்கு எப்பவும் ஹீரோஸ்தான் முதல் கை.

*எப்ப இது:* ஏற்கனவே ஹெல்வெட்டிகாவுல முடிச்ச வேலைய திறந்து திருத்தணும்னா, பிரின்ட் போகுதுன்னா.

ஆப்ஷன் 2: அரிமோ (லிபரேஷன் சான்ஸ்)

*அகலம்:* ஏரியலோட ஒத்தது, ஏரியல் ஹெல்வெட்டிகாவோட ஒத்தது, அதனால இதுவும் ஒத்துப் போகும்.

*தோற்றம்:* இங்கதான் ஏமாறுவீங்க. அகலம் மட்டுந்தான் ஒண்ணு, முகம் வேற. R-ஓட கால் நேர்கோடா சரிஞ்சு போகும். "ஹெல்வெட்டிகா மாதிரி"னு நம்பி லோகோவுல போட்டுடாதீங்க, R இருக்கற பேரா இருந்தா முதல் பார்வைலயே மாட்டிக்கும்.

ரெண்டும் ஸ்டீவ் மேட்டசன் வரைஞ்சது, லிபரேஷன 2007-ல ரெட் ஹாட் வெளியிட்டாங்க, லிப்ரே ஆஃபீஸ் போட்டிருந்தா உங்க மெஷின்ல ஏற்கனவே இருக்கும். இதோட பலம் ஸ்கிரீன். சின்ன சைஸ்லயும் கோடு தெளிவா உக்கார்ற மாதிரி ஹின்டிங் பண்ணிருக்காங்க. கூகுள் ஃபான்ட்ஸ்ல இருக்கற அரிமோவுல 400-லேர்ந்து 700 வரைக்கும் வெயிட் கிடைக்குது, அதனால மீடியம் வேணும்ங்கறவங்களுக்கு ஹீரோஸ விட ஒரு படி மேல.

*மறைஞ்சிருக்கற செலவு:* பெருசா ஒண்ணுமில்ல, சலிப்பா இருக்கும்ங்கறதத் தவிர. வாடிக்கையாளர் "இது ஏரியல் மாதிரி இருக்கே"னு கேட்டா பதில் சொல்ல முடியாது, ஏன்னா அவர் சொல்றது சரிதான்.

*எப்ப இது:* ஆஃபீஸ்ல ஒருத்தர் விண்டோஸ், ஒருத்தர் லினக்ஸ், ஒருத்தர் கூகுள் டாக்ஸ்னு ஒரே ஃபைல் சுத்திட்டு இருக்கு, யார் திறந்தாலும் பக்க எண் மாறக்கூடாதுன்னா.

ஆப்ஷன் 3: இன்டர்

*அகலம்:* ஒத்துப் போகாது. ஒத்துப் போகணும்னு அவங்க நெனைக்கவும் இல்ல. ராஸ்மஸ் ஆண்டர்சன் ஸ்கிரீன்ல படிக்கறதுக்குன்னே வரைஞ்சது.

*தோற்றம்:* t-ஓட தலையும் C-ஓட நுனியும் நேர்வெட்டு, அதனால ஒரு பத்தியா தூரத்துலேர்ந்து பாத்தா ஹெல்வெட்டிகா வாசம் நல்லாவே அடிக்கும். கிட்டப் போய் பாத்தா R-ஓட கால் நேரா சரியும். சின்ன எழுத்துங்க வேற கொஞ்சம் உயரம்: ஹெல்வெட்டிகாவுல x-ஓட உயரம் 1000-க்கு 523, இன்டர்ல 546 பக்கம். அதனாலதான் ரெண்டையும் 16 பிக்சல்ல போட்டா இன்டர் பெருசா தெரியும், "ஏன் சைட் முழுக்க ஊதிப்போன மாதிரி இருக்கு"னு கேப்பாங்க. 523-ஐ 546-ஆல வகுத்தா 0.958, அதாவது சுமார் 96%. அத வெப்ல இப்படி ஒரே எடத்துல குடுத்துடலாம்:

```css
@font-face {
  font-family: "Inter Fit";
  src: url("InterVariable.woff2") format("woff2");
  font-weight: 100 900;
  size-adjust: 96%;
}
```

இப்ப உயரம் ஒத்துடும், அகலம் முழுசா ஒத்துடாது, அத எதிர்பாக்காதீங்க. பெரிய தலைப்புல எழுத்துக்கு நடுவுல இடைவெளி அதிகமா தெரிஞ்சா `letter-spacing: -0.02em` குடுங்க, அப்பத்தான் ஹெல்வெட்டிகாவோட அந்த நெருக்கம் வரும். இத நிறைய பேர் விட்டுடறாங்க, அப்புறம் "இன்டர் போட்டும் அந்த ஃபீல் வரலயே"னு புலம்புவாங்க.

*மறைஞ்சிருக்கற செலவு:* எல்லா வெயிட்டும் இருக்கற வேரியபிள் ஃபைல் கனமானது. வெறும் ஆங்கிலம்தான் சைட்டுலன்னா சிரிலிக், கிரேக்கம் எல்லாத்தையும் வெட்டி சப்செட் பண்ணி ஏத்துங்க. லைசன்ஸ் ஓஎஃப்எல். வெப், ஆப், பிரின்ட், லோகோ எதுல வேணா போடலாம், ஃபான்ட்ட மட்டும் தனியா விக்கக்கூடாது, ஃபைல மத்தவங்களுக்கு குடுத்தா கூடவே `OFL.txt`-யும் குடுக்கணும்.

*எப்ப இது:* புது வெப்சைட், புது ஆப், ஒண்ணு முதல் ஒம்பது வரைக்கும் எல்லா வெயிட்டும் வேணும், பழைய ஃபைல் எதோடயும் ஒத்துப் போக வேண்டிய அவசியம் இல்லன்னா.

ஒரே பார்வைல

| | ஹீரோஸ் | அரிமோ | இன்டர் |
|---|---|---|---|
| அகலம் | அதே | அதே | வேற |
| R-ஓட கால் | வளைஞ்சு இறங்கும் | சரியும் | சரியும் |
| வெயிட் | ரெகுலர், போல்ட் | 400–700 | 100–900 |
| பலம் | பிரின்ட், பழைய ஃபைல் | ஆஃபீஸ் டாகுமென்ட் | வெப், ஆப் |
| தேட வேண்டிய பேர் | `TeX Gyre Heros` | `Arimo` | `Inter` |

கைடுல "Neue"னு ஒரு வார்த்தை இருந்தா நில்லுங்க

மேல சொன்ன அகலக் கணக்கெல்லாம் பழைய ஹெல்வெட்டிகாவுக்குத்தான். 1983-ல அத திரும்ப ஒழுங்குபடுத்தி `Helvetica Neue`னு கொண்டு வந்தப்ப எழுத்துக்களோட அகலத்தையும் மாத்திட்டாங்க, 2019-ல வந்த `Helvetica Now` இன்னொரு தனிப் பிள்ளை. அதனால ஃபைல் ஹெல்வெட்டிகா நோயேவுல இருந்தா ஹீரோஸ் போட்டாலும் லைன் உடையும், அப்புறம் நான் பொய் சொன்னதா திட்டாதீங்க. உங்க பிடிஎஃப் உண்மைல எதுல இருக்குனு பாக்க `pdffonts` போதும்:

```
$ pdffonts catalog.pdf
```

`emb`ங்கற நெடுவரிசைல `yes` இருந்து பேர் `ABCDEF+HelveticaNeue-Light` மாதிரி இருந்தா அது நோயே, உள்ளயே பத்திரமா இருக்கு. பேர் வெறும் `Helvetica`, `emb` `no`னு இருந்தா ஃபான்ட் உள்ள இல்லவே இல்ல, திறக்கற ஒவ்வொரு மெஷினும் அது கிட்ட இருக்கறத வச்சு ஒப்பேத்தும், பிரஸ்ஸுக்கு அப்படியே அனுப்பினா அங்க என்ன வரும்னு உங்க கைல இல்ல. நோயே லைட் கண்டிப்பா வேணும்னா ஃப்ரீல அகலம் ஒத்த மாத்து எனக்குத் தெரிஞ்சு இல்ல, இன்டர் லைட் போட்டு லேஅவுட்ட மறுபடி சரி பண்ணுங்க, இல்ல காச குடுத்து வாங்குங்க. 48 பக்கத்த மறுபடி சரி பண்ற ரெண்டு நாள் கூலியவும் டெஸ்க்டாப் லைசன்ஸ் விலையவும் பக்கத்துல பக்கத்துல எழுதிப் பாத்தா சில நேரம் வாங்கறதே லாபம். ஆனா ஒண்ணு, டெஸ்க்டாப் லைசன்ஸ் வேற, வெப் லைசன்ஸ் வேற, ஆப் லைசன்ஸ் வேற. மேக்ல ஹெல்வெட்டிகா சும்மா கிடக்குதேனு அந்த ஃபைல எடுத்து சர்வர்ல ஏத்தறது இதுல எதுலயும் சேராது.

தமிழும் கூட வந்தா

பிரவுசர் ஒவ்வொரு எழுத்துக்கும் பட்டியல்ல முதல் ஃபான்ட்லேர்ந்து தேடிட்டு வரும். தமிழ் ஃபான்ட்ட முன்னாடி போட்டீங்கன்னா முக்த மலர், காட்டமரான் மாதிரி ஃபான்ட்டுக்குள்ள ஆங்கிலமும் இருக்கறதால ஆங்கிலம், நம்பர், கமா எல்லாத்தையும் அதுவே எடுத்துக்கும், நீங்க கஷ்டப்பட்டு தேர்ந்தெடுத்த இன்டர் திரையிலயே வராது. அதனால ஆங்கிலம் முதல்ல, தமிழ் அடுத்து:

```css
font-family: "Inter Fit", "Noto Sans Tamil", sans-serif;
line-height: 1.7;
```

இன்டர் கூட எனக்கு நோட்டோ சான்ஸ் தமிழ்தான் ஒத்து வருது, ரெண்டுமே 100-லேர்ந்து 900 வரை இருக்கறதால 500-ல தலைப்பு போட்டா ரெண்டு மொழிலயும் 500 வரும். ஹீரோஸ் கூட சேத்தா ரெகுலரும் போல்டும் மட்டும்தான் ஜோடி சேரும். தமிழ் எழுத்து அதே சைஸ்ல பெருசாவும் அகலமாவும் தெரியும், நான் தமிழுக்கு தனி `@font-face` போட்டு `size-adjust` 92%-ல ஆரம்பிச்சு கண்ணால பாத்து ஏத்தி எறக்குவேன். லைன் உயரத்த 1.4-ல விட்டா மேல் லைன் "கு", "நூ" இறக்கமும் கீழ் லைன் "கீ" கொம்பும் ஒண்ணோட ஒண்ணு இடிக்கும், அதுக்குத்தான் 1.7. டெஸ்ட் பண்றப்ப "வணக்கம்"னு மட்டும் அடிச்சுப் பாக்காதீங்க, "கூடுதல் நூல்"னு மேல் லைன்லயும் "கீழ்நீர்த் தொட்டி"னு அதுக்கு நேர் கீழயும் அடிச்சுப் பாருங்க, இடிக்கறது அப்பத்தான் தெரியும்.